விழுந்த விலையில் விற்றால் இழப்பு நிலைத்துவிடும்: ஹவுன்ஸ்லோ குடும்பம் ஒன்றுக்கு எழுதிய பதில்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி மாலை அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், உலகின் பெரும்பாலான நாடுகள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். பிரித்தானியாவுக்கு 10 வீதம், இந்தியாவுக்கு 26 வீதம், இலங்கைக்கு 44 வீதம். அடுத்த இரண்டு நாட்களில் உலகப் பங்குச்சந்தைகள் சரிந்தன. இலண்டன் சந்தையின் முதல் நூறு பெரிய நிறுவனங்களை அளக்கும் ஃபுட்ஸி 100 சுட்டெண், 4ஆம் திகதி வெள்ளிக்கிழமை மட்டும் ஏறக்குறைய 5 வீதம் இறங்கியது. திங்கட்கிழமை மேலும் 4 வீதத்துக்கு மேல் இறங்கியது. கொவிட் தொடங்கிய 2020 மார்ச்சுக்குப் பிறகு இப்படியொரு வீழ்ச்சியை இந்தச் சந்தை காணவில்லை.

அந்த வார இறுதியில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு குடும்பம் எங்களுக்கு எழுதியிருந்தது. கணவன் ஹீத்ரோவில் பொதி ஏற்றும் பகுதியில் வேலை செய்கிறார். மனைவி பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். பல ஆண்டுகளாகச் சேர்த்த 20,000 பவுண்ஸை, வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5ஆம் திகதிக்கு முன்பாகப் போட்டுவிடவேண்டும் என்று, மார்ச் கடைசியில் பங்கு ஐசா கணக்கொன்றில் போட்டிருக்கிறார்கள். ஒரு கிழமை கூட ஆகவில்லை, கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்தால் சிவப்பு நிறத்தில் ஆயிரக்கணக்கில் குறைந்து நிற்கிறது. "மிச்சத்தையாவது காப்பாற்றவேண்டாமா? இப்போதே விற்றுவிடவா?" என்பதுதான் அவர்களின் கேள்வி.

அதே கேள்வியை வேறு பலரும் இந்த நாட்களில் கேட்டார்கள். எனவே அந்தக் குடும்பத்தின் சம்மதத்துடன், அடையாளங்களை நீக்கி, எங்கள் பதிலை இங்கே எல்லோருக்குமாகத் தருகிறோம். இதை எழுதும் இன்று 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சந்தை மூடியிருக்கிறது. திங்கட்கிழமை அது ஏறுமா இறங்குமா என்று எங்களுக்குத் தெரியாது, அதைத் தெரியும் என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் விற்பது என்ற செயல் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

எதை இழந்தீர்கள், எதை இழக்கவில்லை

உங்கள் காசு ஃபுட்ஸி 100 சுட்டெண்ணைப் பின்தொடரும் ஒரு நிதியத்தில் இருக்கிறது. அதாவது அந்த நூறு நிறுவனங்களிலும் உங்களுக்குச் சிறு சிறு பங்கு உண்டு. நிதியத்தில் உங்கள் உரிமை யூனிட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். எளிமைக்காக, நீங்கள் வாங்கியபோது ஒரு யூனிட் 2 பவுண்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 20,000 பவுண்ஸுக்கு 10,000 யூனிட்.

ஏப்ரல் 2ஆம் திகதி ஃபுட்ஸி 100 முடிந்த இடம் 8,608. ஏப்ரல் 9ஆம் திகதி புதன்கிழமை அது 7,679இல் முடிந்தது. அந்தக் கணக்கில் உங்கள் யூனிட் ஒன்றின் விலை சுமார் 1 பவுண் 78 பென்ஸ். முழுக் கணக்கும் 17,850 பவுண்ஸ் அளவில் நின்றது. நேற்று வெள்ளிக்கிழமை முடிவில் அது 18,500 அளவுக்கு வந்திருக்கும். நாள்தோறும் இந்தத் தொகை மாறியது. ஆனால் 10,000 யூனிட் 10,000 யூனிட்டாகவே இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கிக்கொள்ளக் காணியை நினைத்தால் போதும். ஊரில் நான்கு பரப்புக் காணி இருக்கிறது. சண்டைக்காலத்தில் அதைக் கேட்பார் இல்லை. சமாதானம் என்று பேச்சு வந்தால் விலை ஏறும், பேச்சு முறிந்தால் இறங்கும். விலை எப்படி ஆடினாலும் உறுதியில் எழுதிய பரப்பு நான்குதான். பரப்புக் குறையவேண்டுமானால் நீங்கள் கையெழுத்து வைத்து விற்கவேண்டும். நிதியத்திலும் அப்படித்தான். விலை இறங்கும்போது குறைவது மதிப்பு. விற்கும்போது குறைவது யூனிட்.

இந்த வேறுபாட்டை ஒரே நாளின் கணக்கில் காட்டலாம். புதன்கிழமை பயந்து, அன்றைய முடிவு விலையில் எல்லாவற்றையும் விற்றீர்கள் என்று வையுங்கள். கையில் 17,850 பவுண்ஸ். வியாழக்கிழமை சந்தை 3 வீதம் ஏறியது. அவசரப்பட்டோம் என்று மனம் மாறி அன்று மாலை விலைக்கு மீண்டும் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 9,700 யூனிட்தான். 300 யூனிட் போய்விட்டது. இனிச் சந்தை எவ்வளவு உயர்ந்தாலும் அந்த 300 யூனிட் உங்களுடையதாக இருக்காது. அதுவரை கடதாசியில் இருந்த இழப்பு, அந்த விற்பனையால் நிலையான இழப்பாகிவிட்டது.

அழுத்தும் பொத்தானும் கிடைக்கும் விலையும்

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நடைமுறையும் இருக்கிறது. தனி நிறுவனப் பங்கை விற்றால், சந்தை திறந்திருக்கும் நேரத்தில், திரையில் தெரியும் விலைக்குக் கிட்டத்தட்ட உடனேயே விற்கலாம். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் வைத்திருக்கும் பெரும்பாலான நிதியங்களுக்கு நாளில் ஒருமுறைதான் விலை கணிப்பார்கள். பல நிதியங்களில் அது நண்பகல் 12 மணி. நீங்கள் விற்கச் சொன்ன பிறகு வரும் அடுத்த கணிப்பு விலையே உங்களுக்குக் கிடைக்கும்.

ஏப்ரல் 4ஆம் திகதி வெள்ளி இரவு, வேலையால் வந்து செய்தி பார்த்து, கைகள் நடுங்க 'விற்க' என்று அழுத்தியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் திரையில் கண்டது வெள்ளிக்கிழமை விலை. உங்கள் கணக்களவில் சொன்னால் சுமார் 18,700 பவுண்ஸ். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை விலை, அதாவது சந்தை இன்னும் 4 வீதத்துக்கு மேல் இறங்கிய அந்த நாளின் விலை. காப்பாற்ற நினைத்த தொகையைக் கூட அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. காசு கணக்குக்கு வந்துசேர மேலும் சில நாட்கள் ஆகும்.

ஐசா கணக்கில் இன்னொரு கதவும் இருக்கிறது. விற்ற காசை ஐசாவுக்குள்ளேயே ரொக்கமாக வைத்திருந்தால் வரிச்சலுகை போகாது. ஆனால் பயத்தில் பலர் அதைச் சாதாரண வங்கிக் கணக்குக்கு எடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஐசா 'ஃபிளெக்ஸிபிள்' வகையாக இல்லாவிட்டால், போன வரி ஆண்டுக்குரிய அந்த 20,000 பவுண்ஸ் இடம் அத்துடன் முடிந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போட நினைத்தால், இந்த ஆண்டுக்குரிய இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் கணக்கு எந்த வகை என்று நிறுவனத்தின் விதிகளில் எழுதியிருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் அதைப் பாருங்கள்.

திரும்பி வரும் நாள் எது?

விற்கலாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் அடுத்து ஒரு வசனம் சொல்வார்கள்: "நிலைமை அடங்கட்டும், பிறகு திரும்ப வாங்கலாம்." கேட்க நியாயமாக இருக்கும் இந்த வசனத்தில்தான் பெரும்பாலான இழப்பு ஒளிந்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள 2020 மார்ச்சுக்குப் போகவேண்டும். ஹவுன்ஸ்லோவில் அந்த மாதத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வானத்தில் விமானச் சத்தம் நின்றது. விமான நிலையத்தை நம்பியிருந்த வீடுகளில் வேலை நிற்குமா இருக்குமா என்று தெரியாமல் இருந்தோம்.

2020 மார்ச் 12ஆம் திகதி, ஒரே நாளில், ஃபுட்ஸி 100 ஏறக்குறைய 11 வீதம் விழுந்து 5,237இல் முடிந்தது. 1987க்குப் பிறகு அப்படியொரு நாள் இருந்ததில்லை. அன்று பயந்து அந்த விலைக்கு விற்ற ஒருவர், விற்றதைவிடக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கினால்தான் அவர் செய்தது இலாபம். அதற்கு அவருக்கு எத்தனை நாட்கள் கிடைத்தன? சுட்டெண் 5,237க்குக் கீழே முடிந்தவை மார்ச் 16, 18, 19, 20, 23 ஆகிய ஐந்தே ஐந்து நாட்கள். மார்ச் 24ஆம் திகதி அது 9 வீதம் பாய்ந்து 5,446இல் முடிந்தது. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் 5,237க்குக் கீழே ஒருநாளும் முடியவில்லை.

அந்த ஐந்து நாட்கள் எப்படிப்பட்டவை என்று நினைவுபடுத்துங்கள். 20ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன, உணவகங்களை மூடச் சொன்னார்கள். 23ஆம் திகதி இரவு பிரதமர் போரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார். சுட்டெண் அடிமட்டத்தில், 4,994இல் முடிந்ததும் அன்றுதான். 12ஆம் திகதி பயந்து விற்ற மனிதர், 23ஆம் திகதி துணிந்து வாங்கியிருப்பாரா? நிச்சயமாக மாட்டார். விற்கச் செய்த பயம் அந்த நாட்களில் இரு மடங்காகியிருந்தது. 'நிலைமை அடங்கியபோது', அதாவது செய்திகள் நல்லதாகியபோது, விலை ஏற்கனவே அவரைத் தாண்டிப் போய்விட்டது. சரியான நாளில் வாங்கியிருந்தாலும் அவருக்கு மிஞ்சியிருக்கக்கூடியது 5 வீதத்துக்கும் குறைவு.

இந்த ஏப்ரலிலும் அதே கதைதான் சிறிய அளவில் நடந்தது. புதன்கிழமை நியூயோர்க்கில் மதியம் ஒரு மணி தாண்டிய நேரம், பெரும்பாலான நாடுகள் மீதான கூடுதல் வரிகளை 90 நாட்களுக்கு நிறுத்துவதாக ட்ரம்ப் அறிவித்தார். அப்போது இலண்டனில் மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. எங்கள் சந்தை நாலரை மணிக்கே மூடிவிட்டது. அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களை அளக்கும் சுட்டெண் அந்தச் சில மணித்தியாலங்களில் 9.5 வீதம் உயர்ந்தது. 2008க்குப் பிறகு அங்கே அப்படியொரு நாள் இல்லை. ஹவுன்ஸ்லோவில் வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்த எவராலும் அந்த ஏற்றத்துக்குள் ஓடிப்போய் ஏறியிருக்க முடியாது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது.

பெரிய வீழ்ச்சி நாட்களும் பெரிய ஏற்ற நாட்களும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே வருவது தற்செயல் அல்ல. எதிர்காலம் எவருக்கும் விளங்காத வேளையில், ஒரு அறிவிப்பு விலையைக் கீழே தள்ளும், இன்னொரு அறிவிப்பு மேலே தூக்கும். கடனுக்கு வாங்கிய பெரிய நிறுவனங்கள் கடன்காரரின் நெருக்குதலால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து விற்கும். நெருக்குதல் நீங்கியதும் அதே வேகத்தில் வாங்கும். இறக்க நாளுக்கு வெளியே நின்று, ஏற்ற நாளுக்கு உள்ளே வரலாம் என்று நினைப்பவர், இரண்டு முறை சரியாகக் கணிக்கவேண்டும். அநேகமானவர்கள் ஒருமுறை கூடச் சரியாகக் கணிப்பதில்லை.

20,000 பவுண்ஸின் இரண்டு வழிகள்

இனி இதே தொகையை 2020இல் வைத்து முழுதாகப் பார்ப்போம். 2019 டிசம்பர் கடைசி நாளில் ஒருவர் ஃபுட்ஸி 100இல் 20,000 பவுண்ஸ் போட்டார். அப்போது சுட்டெண் 7,542. மார்ச் 23இல் அவருடைய காசு சுமார் 13,240 பவுண்ஸ். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. உங்களுக்கு இப்போது குறைந்திருப்பதைவிடப் பல மடங்கு அது.

அவர் அன்று விற்றுவிட்டார் என்றால், 6,760 பவுண்ஸ் இழப்பு உறுதியாகிறது. வங்கியில் போட்டால், இங்கிலாந்து வங்கி அந்த மார்ச்சில் அடிப்படை வட்டியை 0.1 வீதமாக்கியிருந்தது. வட்டி அவரைக் காப்பாற்றாது. மாதம் 150 பவுண்ஸ் மிச்சம் பிடிக்கும் குடும்பம் என்றால், அந்த 6,760ஐ மீண்டும் சேர்க்க 45 மாதம் வேண்டும். அதாவது ஏறக்குறைய நாலு வருட மேலதிக வேலை.

அவர் விற்காமல் இருந்தார் என்றால், அந்த ஆண்டு முடிவில் சுட்டெண் 6,460. காசு சுமார் 17,130. 2021 முடிவில் சுட்டெண் 7,384. காசு சுமார் 19,580. நிறுவனங்கள் ஆண்டுதோறும் கொடுத்த இலாபப் பங்கு இந்தக் கணக்கில் சேரவில்லை, அதையும் சேர்த்தால் அவர் போட்ட தொகைக்கு மேலே வந்துவிட்டார். 13,240 மீண்டும் 20,000 ஆக 51 வீதம் ஏறவேண்டும் என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் விற்காதவருக்கு அந்த ஏற்றத்தைச் சந்தை ஏறிக்கொடுத்தது. விற்றவர் அதைத் தன் சம்பளத்தால் ஏறவேண்டியிருந்தது.

2025 ஏப்ரலில் வங்கி வட்டி அன்றுபோல் இருக்கவில்லை, அடிப்படை வட்டி 4.5 வீதமாக இருந்தது. இருந்தாலும் நேற்றைய 18,500ஐ எடுத்து அந்த வட்டி முழுவதும் கிடைக்கும் கணக்கில் போட்டாலும், 20,000ஐத் தொட ஒன்றே முக்கால் ஆண்டு ஆகும். அதுவரை சந்தை செய்வது எதிலும் உங்களுக்குப் பங்கில்லை.

எங்கள் பழக்கம் எங்கிருந்து வந்தது

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எங்களை நிறுத்தியது. "கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடித்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை. 1983 ஜூலையில் கொழும்பில், நிலைமை அடங்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, ஆட்டையும் மாட்டையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது பிழையென்று எவரும் சொல்லமாட்டார்கள். அங்கே விலையாக இருந்தது உயிர். முதலில் புறப்பட்டவன் பிழைத்தான்.

சந்தை வீழ்ச்சியில் அந்தப் பாடம் தலைகீழாகிறது. இங்கே உங்கள் வாசலுக்கு எவரும் வரவில்லை. நூறு நிறுவனங்களும் நேற்றுப் போலவே இன்றும் மருந்து விற்கின்றன, மின்சாரம் விற்கின்றன, மளிகை விற்கின்றன. வெளியேறுபவர் தன் பங்கை, பயமில்லாத ஒருவருக்குக் கழிவு விலையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். இருபது பேர், மாதம் 500 பவுண்ஸ், சீட்டுத் தொகை 10,000. அவசரக்காரர் ஒருவர் முதல் மாதமே 2,000 கழிவு விட்டு 8,000க்குச் சீட்டை எடுக்கிறார். அவர் விட்ட கழிவு மற்றவர்களுக்குப் பிரிகிறது. அவசரம் உண்மையானால், அது கொடுக்கவேண்டிய விலை. ஆனால் அவசரமே இல்லாமல், பக்கத்தில் இருப்பவர் பயந்து கேட்கிறார் என்பதற்காக நீங்களும் கழிவு விட்டுச் சீட்டைக் கேட்பீர்களா? விழுந்த சந்தையில் பயந்து விற்பது அதுதான். கழிவை எடுத்துக்கொள்பவரின் முகம் தெரியாது, அவ்வளவே வித்தியாசம்.

விற்பது சரியாக இருக்கும் இடங்கள்

எப்போதும் விற்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. மேலே சொன்னது எல்லாம் நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் பரந்திருக்கும் நிதியத்துக்கும், பல ஆண்டுகள் தொடத் தேவையில்லாத காசுக்கும் மட்டுமே பொருந்தும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கணக்கு மாறும்.

ஒரே நிறுவனத்தின் பங்கு விழுந்தால் அது எழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2007 செப்டெம்பரில் நொதேர்ன் றொக் வங்கியின் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றதை இங்கு பலர் கண்டிருக்கிறோம். வரிசையில் நின்றவர்கள் வைப்பாளர்கள், அவர்களின் காசுக்கு அரசு பொறுப்பேற்றது. ஆனால் 2008 பெப்ரவரியில் வங்கி அரசுடைமையானபோது, எழும் என்று பொறுத்திருந்த பங்குதாரர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனம் சாகலாம். நூறு நிறுவனமும் ஒன்றாகச் சாவது வேறு விடயம்.

பரந்த சந்தையும் நம் வசதிக்கு ஏற்ற நேரத்தில் எழும் என்றில்லை. ஜப்பானின் நிக்கேய் சுட்டெண் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பெப்ரவரியில்தான் மீண்டும் தாண்டியது. அங்கே 34 ஆண்டுகள். ஊதிப் பெருத்த விலையில், ஒரே நாட்டில், எல்லாக் காசையும் ஒரே நாளில் போட்டவருக்கு அது நேர்ந்தது. உங்கள் காசும் ஒரே நாட்டுச் சந்தையில்தான் இருக்கிறது. அமைதியான ஒரு நாளில், உலகம் முழுவதும் பரந்த நிதியம் பற்றி யோசிப்பது நல்லது. ஆனால் அது பயத்தில் வெளியேறுவதிலிருந்து வேறானது, ஒரு நிதியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மட்டுமே.

மற்றது காலம். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் காசு பங்குச்சந்தையில் இருக்கக்கூடாது. உங்கள் கடிதத்தின் கடைசியில், இந்த இலையுதிர் காலத்தில் வீட்டுக் கூரை திருத்த 5,000 பவுண்ஸ் இதிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான பிரச்சினை அந்த 5,000தான், மீதி 15,000 அல்ல. கூரை சந்தைக்காகக் காத்திருக்காது. வேறு சேமிப்போ, மேலதிக வேலையோ அதற்குக் கைகொடுக்காது என்றால், அந்த அளவை மட்டும் இப்போது விற்று ரொக்கமாக வைப்பது நியாயம். நேற்றைய விலையில் அது உங்களுக்கு 375 பவுண்ஸ் அளவு இழப்பு. அது வலிக்கும். ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. 15,000க்கும் அதே சிகிச்சை செய்தால், தேவையில்லாத இடத்தில் மேலும் 1,100 பவுண்ஸுக்கு மேல் இழப்பை உறுதிசெய்கிறீர்கள்.

கடன் எடுத்துப் போட்ட காசுக்கும் இதே விதிதான். கடன் அட்டையில் எடுத்துச் சந்தையில் போட்டவர் வட்டியோடு போட்டி போடுகிறார். அவரைப் பொறுத்திரு என்று சொல்வது நல்ல புத்திமதியாகாது.

வேலைத்தல ஓய்வூதியம்

கணவரின் ஓய்வூதியக் கணக்கும் இறங்கியிருக்கிறது, அதை ரொக்க நிதியத்துக்கு மாற்றவா என்றும் கேட்டிருந்தீர்கள். அவருக்கு வயது 44. இப்போதைய விதிப்படி அந்தக் காசை 55க்கு முன் தொட முடியாது, 2028 ஏப்ரலிலிருந்து அது 57 ஆகிறது. எனவே அவருக்கு இன்னும் 13 ஆண்டுகளாவது உண்டு. அதற்கிடையில் ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் காசு உள்ளே போகிறது. மாதம் 200 பவுண்ஸ் என்று வைத்தால், யூனிட் 2 பவுண்ஸாக இருந்தபோது 100 யூனிட் கிடைத்தது. 1 பவுண் 60 பென்ஸுக்கு இறங்கினால் அதே காசுக்கு 125 யூனிட் கிடைக்கும். வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இறங்கிய விலை எதிரியல்ல. இந்த நேரத்தில் பங்களிப்பை நிறுத்தினால், முதலாளியின் பங்கையும் சேர்த்து இழக்க நேரிடும்.

ஆனால் 62 வயதில் இருப்பவருக்கு இதே பதில் பொருந்தாது. பல வேலைத்தலத் திட்டங்கள் ஓய்வு வயது நெருங்க நெருங்கப் பங்குகளைக் குறைத்து, ஆட்டம் குறைந்தவற்றுக்கு மாற்றும். நீங்கள் 60இல் ஓய்வுபெற நினைக்கிறீர்கள், திட்டத்தில் 68 என்று பதிந்திருக்கிறது என்றால், அந்த மாற்றம் பிந்தி நடக்கும். அந்த ஒரு எண்ணைச் சரிபார்ப்பது, சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பயனுள்ளது. 50 வயதைத் தாண்டியவர்கள் அரசின் 'பென்ஷன் வைஸ்' சேவையில் இலவசமாகப் பேசலாம். மற்றவர்களுக்கு 'மணிஹெல்ப்பர்' இருக்கிறது.

இந்த நாட்களில் தொலைபேசியில் அழைத்து, உங்கள் ஓய்வூதியத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று எவராவது சொன்னால், தமிழில் பேசினாலும் ஊர்ப்பெயர் சொன்னாலும், வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்காமல் ஓய்வூதியம் பற்றி அழைப்பது 2019 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பயந்த காசைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள்.

திங்கட்கிழமைக்கு முன்பு

நாம் அனுமதி பெற்ற நிதி ஆலோசகர்கள் அல்லர். உங்கள் முழு வரவு செலவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இந்த வார இறுதியில், சந்தை மூடியிருக்கும்போது, இருவரும் மேசையில் உட்கார்ந்து ஒரு கடதாசியில் எழுதிப் பார்க்கலாம்: இந்த 20,000இல் எவ்வளவு, எந்த ஆண்டு, எதற்குத் தேவை? கூரைக்கு என்று எழுதிய தொகைக்கு ஒரு முடிவை எடுங்கள். 2030க்குப் பின் என்று எழுதிய தொகைக்கு இப்போது முடிவெடுக்க எதுவும் இல்லை.

இருவரில் ஒருவருக்கு இரவில் நித்திரை வராத அளவுக்குப் பயம் தொடர்ந்தால், அதுவும் ஒரு தகவல்தான். உங்கள் குடும்பத்துக்குப் பங்கின் அளவு கூடிவிட்டது என்பதை அது சொல்கிறது. அதைக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது, எந்த மாதங்களில் குறைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, சிறிது சிறிதாகக் குறையுங்கள். இரவு பத்து மணிக்கு வட்சப் செய்தி பார்த்துவிட்டு முழுவதையும் விற்கவேண்டாம்.

திங்கட்கிழமை சித்திரைப் புத்தாண்டு. சந்தை வழமைபோல் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அது எந்தப் பக்கம் போனாலும், அன்று மாலை உங்கள் கணக்கில் இருக்கும் யூனிட்களின் எண்ணிக்கை உங்கள் கையில்தான் இருக்கிறது.